பத்திரத்தில் 18 சென்ட், தரையில் 17.3: ஊராட்சிக் கடிதம் எங்கே நிற்கிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவின் புஞ்சை மனை 18 சென்ட். அண்ணன், நான், தம்பி மூவரும் 2018-ல் ஆளுக்கு 6 சென்ட் என்று பாகப்பிரிவினை பதிந்துகொண்டோம். நடுவில் இருப்பது என் பாகம். வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டபோது ஊராட்சியில் தடையில்லாக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். பத்திரம், பட்டா, ஸ்கெட்ச் மூன்றும் கொடுத்தும் ஊராட்சி செயலர், "ஸ்கெட்ச்சில் உங்கள் மனையே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாதமாக அலைகிறேன். தலைவரும் இப்போது பதவியில் இல்லை. யாரிடம் போய் இந்தக் கடிதத்தை வாங்குவது? நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: செயலர் சொன்னது உண்மைதான், அவர்மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய புல வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சர்வே எண்ணை உங்கள் நலன் கருதி மாற்றி 142/3 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வரைபடத்தில் 142/3 ஒரே கட்டமாகத்தான் இருக்கிறது. கிழக்கே ரோடு, நான்கு பக்கமும் மீட்டர் அளவு, மூலைகளில் கல் குறி. உள்ளே ஒரு கோடுகூட இல்லை. அண்ணன் பாகம், உங்கள் பாகம், தம்பி பாகம் என்று நீங்கள் பேசுவதெல்லாம் 2018 பத்திரத்தில் இருக்கிறதே தவிர, அரசின் நில அளவைப் பதிவில் இன்னும் ஏறவே இல்லை. பட்டாவும் அப்படித்தான். மூன்று பேர் பெயரும் வரிசையாக இருக்கும் கூட்டுப் பட்டா அது. பத்திரம் பதிந்ததும் பெயர் மட்டும் மாறியிருக்கிறது, உட்பிரிவு ஆகவில்லை.

நான் நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். இந்த மாவட்டத்தில் வீடு கட்ட அலைகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கடிதம் கிடைக்கவில்லை என்று ஊராட்சிக்கே மறுபடி மறுபடி போவார்கள். ஆனால் தீர்வு இருப்பது வட்டாட்சியர் அலுவலகத்தில்.

முதலில் அந்தக் கடிதம் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்த நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. கட்டப்போகிற வீடு ஊராட்சி ரோட்டிலோ, பாதையிலோ, வாய்க்காலிலோ, வேறு புறம்போக்கிலோ ஏறவில்லை, வரி பாக்கி இல்லை, அதனால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பதுதான் அதன் சாரம். அதைச் சொல்ல வேண்டுமானால் உங்கள் மனை எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கோடே இல்லாத ஸ்கெட்ச்சை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அண்ணனோ தம்பியோ வந்து கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்வார்?

இன்னொன்றையும் வங்கியில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "பஞ்சாயத்துக் கடிதம்" என்று வாயால் சொல்வார்கள். பல கிளைகளில் அவர்கள் எதிர்பார்ப்பது வெறும் கடிதம் அல்ல, ஊராட்சி அனுமதித்த கட்டட வரைபடம். தடையில்லாக் கடிதம் வேறு, வரைபட அனுமதி வேறு. வீடு கட்டச் சட்டப்படி தேவையானது இரண்டாவதுதான். என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டாம்.

இப்போது உங்கள் காகிதங்களில் எனக்குக் கவலை தந்த இடத்துக்கு வருகிறேன். உட்பிரிவு ஆகாதது மட்டும் என்றால் விண்ணப்பம் போட்டால் தீர்ந்துவிடும். உங்களுடையது அதோடு நிற்கவில்லை.

பட்டா நகலில் புன்செய் என்ற பத்தியின் கீழே பாருங்கள். பரப்பு 0 - 7.00 என்று இருக்கிறது. ஹெக்டேர், ஏர் கணக்கு அது. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆக மொத்த நிலம் 700 சதுர மீட்டர். வரைபடமும் அதையே சொல்கிறது. கிழமேல் 40 மீட்டர், தென்வடல் 17.5 மீட்டர், பெருக்கினால் 700. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆகவே உங்கள் அப்பாவின் மனை 17.3 சென்ட். பத்திரத்தில் மூன்று ஆறு பதினெட்டு என்று எழுதியிருக்கிறார்கள். முக்கால் சென்டுக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறத்தாழ 300 சதுர அடி, தரையில் இல்லாத நிலம் காகிதத்தில் இருக்கிறது.

அது போதாதென்று பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் தென்புறம் 10 அடி பொதுப்பாதை விட்டுக்கொள்வதாக ஒரு வரி வருகிறது. அந்தப் பாதை 18 சென்டுக்குள்ளேயா, அதற்கு வெளியேயா என்று எங்கும் எழுதவில்லை. யார் பாகத்தில் எவ்வளவு போகிறது என்றும் இல்லை. பத்திரம் எழுதியவர் அளக்காமல், அப்பா காலத்து வாய்க்கணக்கை வைத்து எழுதியிருக்கிறார். அண்ணன் தம்பிகள் சந்தோஷமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற நாளில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இந்த நிலையில் நீங்கள் உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால் நில அளவர் வந்து சங்கிலி போடுவார். ஆளுக்கு 6 சென்ட் பிரிக்க நிலம் போதாது. பத்திரப்படி பிரிக்க இயலவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அளப்பது. எல்லையை அளந்து காட்டச் சொல்லி இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். எங்கள் பேச்சில் அதற்கு எஃப்-லைன் மனு என்று பெயர். அளக்கும் நாளில் அண்ணனும் கூட இருக்கட்டும், பக்கத்து நிலத்துக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். கல்லைத் தேடுவது முக்கியம். ஒருமுறை வடக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு அளக்கப் போனேன். தென்மேற்கு மூலைக் கல்லைக் காணோம் என்றார்கள். வரைபட அளவை வைத்து இழுத்துப் பார்த்தால் மாட்டுக்கொட்டகைக்குள் போய் முடிகிறது. சாணி மெழுகிய தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் தோண்டினோம், கல் அப்படியே நின்றது. இருபது ஆண்டாக அந்த வீட்டில் எல்லைச் சண்டை நடந்திருக்கிறது, கல் மட்டும் நகரவில்லை. அதனால் "கல் இல்லை" என்று யார் சொன்னாலும் தோண்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, உள்ள 700 சதுர மீட்டரை எப்படிப் பிரிப்பது என்று மூவரும் பேசி முடிப்பது. ரோடு கிழக்கே இருக்கிறது. அண்ணன் பாகம் ரோட்டை ஒட்டி, நீங்கள் நடுவில், தம்பி மேற்கே கடைசியில். பாதை தென்புறமாக அண்ணன் பாகத்தையும் உங்கள் பாகத்தையும் தாண்டித் தம்பி மனை வரை போனால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. மூவருக்கும் சம பரப்பு என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதை 3 மீட்டர் அகலம், 28.3 மீட்டர் நீளம், ஏறத்தாழ 85 சதுர மீட்டர். மீதி 615. ஆளுக்கு 205 சதுர மீட்டர் வரும். உங்கள் மனை கிழமேல் 14.14 மீட்டர், தென்வடல் 14.5 மீட்டர். சென்டில் 5.07, சதுர அடியில் 2,207.

6 சென்ட் என்று நினைத்திருந்தவருக்கு 5.07 என்றால் மனசு கேட்காது, தெரியும். அண்ணனுக்கும் கேட்காது. எனக்குத்தான் ரோடு இருக்கிறதே, நான் ஏன் பாதைக்கு இடம் விட வேண்டும் என்று அவர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. பாதையை உங்கள் இருவர் கணக்கில் மட்டும் கழித்துக்கொள்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் உங்கள் மனை இன்னும் சுருங்கும், ஆனால் அண்ணன் மனமொத்துக் கையெழுத்துப் போடுவார். எதுவானாலும் பாதையை விட்டுவிட்டுப் பிரிக்காதீர்கள். ரோட்டிலிருந்து மனைக்கு வழி காட்டாத வரைபடத்துக்கு ஊராட்சியில் அனுமதி கிடைக்காது, வங்கியும் கடன் தராது. உங்கள் மனை நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாதையைத் தனி உட்பிரிவாக, மூவர் பெயரிலும் பொதுப்பாதை என்று வைத்துக்கொள்வது என் யோசனை. யாராவது ஒருவர் பெயரில் போட்டால் அடுத்த தலைமுறையில் அவர் பிள்ளை வேலி போடுவான்.

பேசி முடித்த அளவுகளை வைத்துப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுங்கள். மூவரும் கையெழுத்திட வேண்டும். அளந்த வரைபடத்தை அதோடு இணைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கெல்லையும், நான்கு பக்க அளவும், பரப்பும் மீட்டரிலும் அடியிலும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பாகத்துக்கு "தெற்கே பொதுப்பாதை" என்று எல்லை வர வேண்டும், "தெற்கே வேறொருவர் நிலம்" என்று அல்ல. பரப்பு மாறுவதால் சார்பதிவாளர் இதைப் பிழைதிருத்தலாக எடுத்துக்கொள்ளாமல் புதிய பாகப்பிரிவினையாகக் கருதலாம். கட்டணம் அதற்கேற்ப மாறும். முத்திரைத்தாள் வாங்குவதற்கு முன்பே எழுதிய நகலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

தம்பி சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக முகவரியில் பார்த்தேன். அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்த பொது அதிகார ஆவணம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். பலர் அதைப் பீரோவில் வைத்து மறந்துவிட்டு அப்புறம் மறுபடி தூதரகம் வரை போகிறார்கள். ஆவணத்தில் "சொத்து சம்பந்தமான எல்லாக் காரியங்களும்" என்று பொதுவாக எழுதாமல், சர்வே எண், பிழைதிருத்தல் பத்திரத்தில் கையெழுத்திடுவது, உட்பிரிவு மனுவுக்குச் சம்மதம் தருவது மூன்றையும் பெயர் சொல்லி எழுதட்டும்.

மூன்றாவது, உட்பிரிவுடன் பட்டா மாறுதல். திருத்திய பத்திரத்தோடு tamilnilam.tn.gov.in தளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். நில அளவர் வந்து உங்கள் மூவரின் எல்லையிலும் கல் நட்டு, வரைபடத்தில் கோடு போடுவார். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆனதும் 142/3 மறைந்து, 142/3ஏ, 3பி, 3சி, பாதைக்கு 3டி என்று நான்காகும். உங்களுக்குத் தனிப் பட்டா வரும். உடனே eservices.tn.gov.in தளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். பட்டா மாறி, வரைபடம் பழையபடியே இருப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டிலும் 3பி இருந்தால்தான் வேலை முடிந்தது. பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒன்றா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கூடவே பெயரின் எழுத்தையும். ஆதாரில் ஒரு மாதிரி, பட்டாவில் ஒரு மாதிரி என்றால் இப்போதே திருத்துங்கள்.

இனி ஊராட்சி. கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்தல் நடந்து புதிய தலைவர் பொறுப்பேற்கும் வரை அந்த அதிகாரம் தனி அலுவலரிடம் இருக்கும். உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கிற வட்டார வளர்ச்சி அலுவலர்தான் அவர். பழைய தலைவரின் லெட்டர்பேடில் முன்தேதியிட்டுக் கடிதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது செல்லாது, வங்கி கண்டுபிடித்தால் கடனும் போகும், உங்கள்மேல் வழக்கும் வரும்.

வரைபட அனுமதிக்கான விண்ணப்பம் இப்போது onlineppa.tn.gov.in தளம் வழியாகத்தான். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், மனை 2,500 சதுர அடிக்குள்ளும், வீடு தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால், அலுவலர் வந்து பார்க்கக் காத்திராமல் அதே தளத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளலாம். 6 சென்ட் என்பது 2,613 சதுர அடி. பழைய பத்திரப்படி நீங்கள் இந்தத் திட்டத்துக்கு வெளியே. திருத்தியபின் 2,207, உள்ளே வந்துவிடுகிறீர்கள். ஆனால் பேரிலேயே இருக்கிறது, சான்று நீங்கள் தருகிறீர்கள். கொடுத்த அளவு தவறாக இருந்தால் பொறுப்பும் உங்களுடையதே. அதனால் 3பி தனியாக ஏறாமல், கூட்டுப் பட்டாவை வைத்து இந்த வழியில் நுழையாதீர்கள்.

உங்கள் பட்டா புன்செய் பத்தியில் இருப்பதால் ஒரு பெரிய தடை இல்லை. இதே கேள்வியை நன்செய் நிலத்துக்காரர் கேட்டிருந்தால், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போய் நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்கச் சொல்லியிருப்பேன். மனைப்பிரிவு போட்டு விற்றவரிடம் வாங்கியவருக்கு 2016 அக்டோபர் 20 என்ற தேதியை வைத்து வேறு கணக்கு. உங்களுடையது குடும்பப் பாகம், அதனால் அவற்றை இங்கே இழுக்கவில்லை.

வங்கி தனியாகக் கடிதமும் கேட்டால், தனி அலுவலருக்கு நீங்களே இப்படி ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்:

"பெறுநர்: தனி அலுவலர், ... கிராம ஊராட்சி, குறிஞ்சிப்பாடி ஒன்றியம். பொருள்: சர்வே எண் 142/3பி மனையில் குடியிருப்பு வீடு கட்டத் தடையின்மைக் கடிதம் வேண்டுதல். ஐயா, மேற்படி சர்வே எண்ணில் 205 சதுர மீட்டர் மனை, பட்டா எண் ...-இன்படியும் பிழைதிருத்தல் பத்திர எண் ...-இன்படியும் என் பெயரில் உள்ளது. கிழக்கே 142/3ஏ, மேற்கே 142/3சி, தெற்கே பொதுப்பாதை 142/3டி, வடக்கே 142/2. பொதுப்பாதை வழியாக ஊராட்சிச் சாலையை அடையலாம். மனையில் ... சதுர அடியில் தரைத்தள வீடு கட்ட உள்ளேன். ஊராட்சிச் சாலை, வாய்க்கால், புறம்போக்கு எதிலும் கட்டடம் அமையாது. இன்றைய தேதி வரை வரி பாக்கி இல்லை. பட்டா, புல வரைபடம், பத்திர நகல், வில்லங்கச் சான்று, கட்டட வரைபடம், வரி ரசீது இணைத்துள்ளேன்."

வடக்கே 142/2 என்று நான் எழுதியது உங்கள் வரைபடத்தில் பார்த்தது. திருத்திய வரைபடம் வந்ததும் நான்கு எல்லையையும் அதிலிருந்து எடுத்து எழுதுங்கள், பழைய பத்திரத்திலிருந்து எடுக்காதீர்கள். பழைய பத்திரத்தில் வடக்கே இருப்பதாகச் சொல்லும் ஆளிடம் இப்போது அந்த நிலம் இல்லாமலும் இருக்கலாம். வரி ரசீது இல்லையென்றால் vptax.tnrd.tn.gov.in தளத்தில் கட்டிப் பிரிண்ட் எடுங்கள். அப்பா பெயரில் பழைய வீட்டு வரி ஏதாவது நிலுவையில் இருந்தால், அது பெரும்பாலும் அண்ணன் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு இருக்கும், அதையும் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். கடிதம் நிற்பதற்கு அந்தச் சின்னத் தொகையும் காரணமாகிவிடுகிறது.

விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் ஒன்றிய அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று வரும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உங்கள் பக்கத்தில் சங்கிலி பிடிக்கவே முடியாது, தண்ணீர் நிற்கும். ஆகவே அளக்கும் மனுவை இந்த வாரமே போட்டுவிட்டு, தம்பிக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்.